விற்காமல் மிஞ்சிய 120 சேலை: இரண்டு வியாபாரிகள் கூட்டுக் கணக்கை எப்படித் தீர்ப்பது?

"நான் சேலம், நண்பர் மதுரை. இருவருக்கும் தனித்தனி ஜவுளிக்கடை, தனித்தனி ஜிஎஸ்டி. தீபாவளிக்கு மட்டும் கூட்டுச் சேர்ந்து இளம்பிள்ளையில் 1,000 காட்டன் சேலை 600 ரூபாய் வீதம் எடுத்தோம். 6 லட்சமும் நான் கட்டினேன். லாரி வாடகை, கூலி 15,000-மும் நான். 900 சேலையை அவருக்கு அனுப்பினேன். அவர் எனக்கு முதலில் 2 லட்சம், நடுவில் 3 லட்சம் அனுப்பினார். மண்டப வாடகை, ஆள் சம்பளம் 45,000 அவர் செலவு. அவர் 770 சேலை விற்று 6,54,500 எடுத்தார். நான் 100 விற்று 80,000. அவரிடம் 10 சேலை மழையில் நனைந்து வீணானது. மீதி 120-ஐ அவரே கடைக்கு எடுத்துக்கொள்கிறார். லாபம் பாதிப் பாதி. என் கணக்குப்படி அவர் 1,44,250 தர வேண்டும். அவர் 72,250 தான் என்கிறார். அந்தச் சேலை இப்போது 400-க்கு மேல் போகாதாம். எழுத்தில் எதுவும் இல்லை. யார் சொல்வது சரி?"

இரண்டு தொகையும் தவறு. நண்பர் ஏமாற்றுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் அதிகம் கேட்கிறீர்கள் என்றும் நான் சொல்லவில்லை. உங்கள் தொகையிலிருந்து அவர் தொகையைக் கழித்துப் பாருங்கள்: 72,000. இது 120 சேலைக்கு 600 ரூபாய் வீதம் வரும் தொகை, ஒரு ரூபாய் கூடக் குறைய இல்லை. ஆக, சண்டை முழுவதும் அந்த 120 சேலையில்தான் இருக்கிறது. நீங்கள் அதை இரண்டு முறை சேர்த்திருக்கிறீர்கள். அவர் ஒரு முறைகூடச் சேர்க்கவில்லை. ஜவுளிக்காரர்களுக்குப் பல வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். சீசன் கூட்டு வியாபாரத்தில் தகராறு என்று வந்தால் பெரும்பாலும் மிஞ்சிய சரக்கைச் சுற்றித்தான் வரும்.

அவர் எப்படி 72,250-க்கு வந்திருப்பார் என்று பார்ப்போம். மொத்த விற்பனை 7,34,500. சரக்கும் செலவும் சேர்த்து 6,60,000. வித்தியாசம் 74,500, அதில் பாதி 37,250. நீங்கள் போட்ட 6,15,000-உடன் இந்த 37,250-ஐக் கூட்டி, உங்கள் கைக்கு வந்த 5,80,000-ஐக் கழித்தால் 72,250. அவர் மனதில் ஓடுவது, "விற்றால்தானே லாபம், விற்காத சரக்குக்கு என்ன லாபம்" என்பது. பேச்சுக்கு இது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அந்த 120 சேலைக்கு உங்கள் பணத்திலிருந்து போன 72,000 செலவுப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. சரக்கோ அவர் கடை அலமாரியில் இருக்கிறது. செலவை மட்டும் இரண்டு பேர் தலையிலும் கட்டிவிட்டு, சரக்கை அவர் சும்மா எடுத்துக்கொண்டதாக ஆகிவிடும்.

நீங்கள் போட்ட கணக்கு இப்படி இருக்கும் என்று நினைக்கிறேன். 120 சேலையை 72,000 என்று வைத்து, அதையும் விற்பனையோடு சேர்த்து லாபம் 1,46,500 என்று கண்டுபிடித்தீர்கள். பாதி 73,250. அதன்படி உங்களுக்கு வர வேண்டியது 1,08,250. இதுவரை சரி. அப்புறம், "சேலையை அவர்தானே எடுத்துக்கொண்டார், அதில் என் பாதி எங்கே?" என்று தோன்றி, இன்னொரு 36,000-ஐச் சேர்த்தீர்கள். அந்தப் பாதி ஏற்கெனவே 73,250-க்குள் வந்துவிட்டது. 120 சேலையின் விலையை லாபக் கணக்கில் வரவு வைத்த நிமிடமே, அது அவருக்கு விற்ற சரக்கு ஆகிவிடுகிறது. வெளியாளுக்கு விற்ற 770 சேலைக்கும் அவருக்கே போன இந்த 120-க்கும் கணக்கில் ஒரு வித்தியாசமும் இல்லை. 770-க்குத் தனியாகப் பாதி கேட்கவில்லையே. இதற்கும் கேட்க முடியாது.

மொத்தத்தையும் ஒருமுறை வரிசையாக எழுதிவிடலாம், இப்போதைக்கு எடுத்த விலை 600 என்றே வைத்து. ரூபாயைத் தொடும் முன் உருப்படியை எண்ணுங்கள். வந்தது 1,000. நீங்கள் விற்றது 100, அவர் விற்றது 770, நனைந்தது 10, அவர் எடுத்தது 120. கூட்டினால் 1,000 வருகிறது, நல்லது. உருப்படி எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் அதற்கு மேல் கணக்கு போடுவது வீண் வேலை. எங்கோ ஒரு பில் விடுபட்டிருக்கும், இல்லாவிட்டால் வீட்டுக்கு எடுத்த சேலை எழுதாமல் போயிருக்கும். சொந்த உபயோகத்துக்கோ உறவினருக்குக் கொடுக்கவோ எடுத்தது இருந்தால், அதையும் எடுத்தவர் வாங்கிக்கொண்ட சரக்காகவே எழுத வேண்டும்.

உங்கள் பேரேட்டில் இரண்டு கணக்குத் திறந்தால் போதும். ஒன்று கூட்டு வியாபாரக் கணக்கு, மற்றொன்று நண்பர் பெயரில் ஆள் கணக்கு. கூட்டு வியாபாரக் கணக்கில் பற்றுப் பக்கம் கொள்முதல் 6,00,000, உங்கள் செலவு 15,000, அவர் செலவு 45,000. வரவுப் பக்கம் உங்கள் விற்பனை 80,000, அவர் விற்பனை 6,54,500, அவர் எடுத்துக்கொண்ட சரக்கு 72,000. வரவு 8,06,500, பற்று 6,60,000. மீதி 1,46,500 லாபம். பாதி உங்கள் லாபக் கணக்குக்கும், பாதி அவர் ஆள் கணக்குக்கும் போகும்.

அவருடைய ஆள் கணக்கில் பற்று என்பது அவர் கைக்குப் போனது: விற்ற பணம் 6,54,500, எடுத்த சரக்கு 72,000, ஆக 7,26,500. வரவு என்பது அவர் தந்ததும் அவருக்குச் சேர வேண்டியதும்: செலவு 45,000, உங்களுக்கு அனுப்பிய 5,00,000, லாபப் பங்கு 73,250, ஆக 6,18,250. வித்தியாசம் 1,08,250. அதை அவர் உங்களுக்குத் தர வேண்டும். இதையே உங்கள் பக்கத்திலிருந்து போடுங்கள். போட்டது 6,15,000, லாபம் 73,250, மொத்தம் 6,88,250. கைக்கு வந்தது விற்பனை 80,000-மும் அவர் அனுப்பிய 5,00,000-மும், ஆக 5,80,000. மீதி 1,08,250. இரண்டு பக்கமும் ஒரே தொகை வந்தால் எதுவும் விடுபடவில்லை, எதுவும் இரட்டிப்பாகவில்லை என்று அர்த்தம். உங்கள் இருவர் கணக்கும் ஒத்துப்போகாததற்குக் காரணம், இருவரும் ஒரே லாபத்தைப் பங்கு போடவில்லை என்பதுதான். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். இரு பக்கமும் ஒத்துப்போவது கூட்டல் கழித்தல் சரி என்பதற்கு மட்டும்தான் சாட்சி. உள்ளே போட்ட விலை நியாயமா, செலவு உண்மையா என்பதற்கு அது சாட்சி ஆகாது.

அந்த விலை விஷயத்துக்கு வருவோம். 600-ஆ, 400-ஆ? முதலில் எவ்வளவு பணத்துக்காக வாதாடுகிறீர்கள் என்று பாருங்கள். சேலைக்கு 200 ரூபாய் வித்தியாசம், 120 சேலைக்கு 24,000. 400 என்று வைத்தால் லாபம் 1,22,500 ஆகும், பங்கு 61,250, உங்களுக்கு வர வேண்டியது 96,250. அதாவது 1,08,250-இலிருந்து 12,000 குறைகிறது. 24,000 முழுவதும் குறையாது. ஏனென்றால் எடுக்கும் விலையைக் குறைத்தால் அவர் லாபப் பங்கும் கூடவே குறைகிறது. இரண்டு பேருமே 24,000 போகிறது என்று நினைத்துக் கத்திக்கொண்டிருப்பார்கள், கணக்கைக் காட்டியதும் பாதி சூடு இறங்கிவிடும்.

முன்கூட்டியே பேசிய விலை இருந்தால் அதுதான் விலை, மேலே பேச இடமில்லை. "மிஞ்சினால் அசலுக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டிருந்தாலும் அது பேச்சுதான், பழைய செய்திகளைத் தேடிப் பாருங்கள். அப்போதும் அசல் என்றால் எது என்ற கேள்வி வரும். 600 என்பது இளம்பிள்ளை விலை. லாரி, கூலி 15,000-ஐ ஆயிரம் சேலைக்குப் பங்கிட்டால் சேலைக்கு 15 ரூபாய். மதுரையில் வந்து இறங்கிய விலை 615. என் கருத்தில் அசல் என்பது வந்து இறங்கிய விலைதான். மண்டப வாடகையையும் விற்பனை ஆட்கள் சம்பளத்தையும் அதில் ஏற்றக் கூடாது. அவை விற்பதற்கு ஆன செலவு, விற்காத சரக்கின் விலையில் சேராது.

பேச்சே இல்லை என்றால், எடுத்துக்கொண்ட அன்று மூன்றாவது ஒரு வியாபாரி அந்த 120-ஐயும் மொத்தமாக வாங்கினால் என்ன கொடுப்பார் என்பதே நியாயமான விலை. தீபாவளி முடிந்த மறுவாரம் மீந்த டிசைன்களுக்கு அசல் கிடைப்பது கஷ்டம்தான், அதில் நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது. மீந்தது எப்போதுமே வாடிக்கையாளர் புரட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்த நிறமும் பார்டரும்தான். அதே சமயம் காட்டன் சேலை தீபாவளியோடு செத்துவிடும் சரக்கும் அல்ல. பொங்கல் இருக்கிறது, அதற்குப் பிறகு கோடைக்கும் காட்டன் ஓடும். 850-க்குச் சராசரியாக விற்ற சேலையை 400 என்பது எனக்கு மிகவும் தாழ்வாகப் படுகிறது. இளம்பிள்ளையில் நீங்கள் எடுத்த அதே ஆளிடம் அதே ரகம் இன்றைக்கு என்ன விலை என்று கேளுங்கள். புதுச் சரக்கின் விலை தெரிந்துவிட்டால், மடிப்புக் கலைந்த மீந்த சரக்குக்கு அதிலிருந்து எவ்வளவு தள்ளலாம் என்று உங்கள் இருவருக்குமே தெரியும்.

இன்னொரு வழி, நான் பார்த்தவரை நன்றாக வேலை செய்வது. விலையை அவரே சொல்லட்டும். அந்த விலைக்குச் சரக்கை எடுப்பதா, அவரிடமே விடுவதா என்பதை நீங்கள் சொல்லுங்கள். 400 என்று அவர் நிஜமாகவே நம்பினால், 400-க்கு உங்களுக்குத் தருவதில் அவருக்கு நஷ்டமில்லை. "நான் எடுத்துக்கொள்கிறேன், லாரியில் போட்டு அனுப்புங்கள்" என்று நீங்கள் சொல்லக்கூடும் என்று தெரிந்தாலே விலை தானாக 500 பக்கம் ஏறும். திருப்பி அனுப்பும் வாடகையை யார் கொடுப்பது என்று மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே அடுத்த தகராறு ஆகும். 500-க்கு முடிந்தால் லாபம் 1,34,500, பங்கு 67,250, உங்களுக்கு வர வேண்டியது 1,02,250.

விலை ஒப்புக்கொண்ட பிறகு அந்தச் சேலை அவருடையது. பொங்கலுக்கு அவர் அதை 850-க்கு விற்றால் அந்த லாபம் முழுவதும் அவருக்கே, நீங்கள் கேட்கக் கூடாது. 300-க்குத் தள்ளினால் நஷ்டமும் அவருக்கே. இதை ஏற்க இருவருக்கும் மனமில்லை என்றால் கணக்கை மூடாமல் பொங்கல் வரை வைத்திருக்கலாம். 120-ம் கூட்டுச் சரக்காகவே அவர் கடையில் இருக்கும், விற்ற விலைக்கு அன்று வரவு வைக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் சரக்கு அவர் கடைச் சரக்கோடு கலந்துவிடும், எந்தச் சேலை யாருடையது என்று ஜனவரியில் யாராலும் சொல்ல முடியாது. நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நனைந்த 10 சேலைக்குக் கணக்கில் தனியாக எதுவும் எழுத வேண்டாம். அதற்கு வரவு எதுவும் இல்லாததால் 6,000 ரூபாய் நஷ்டம் தானாகவே லாபத்தைக் குறைத்துவிட்டது, இருவர் தலையிலும் பாதிப் பாதி விழுந்துவிட்டது. ஐப்பசி மழையில் பத்துச் சேலை கறைபடுவது வியாபாரத்தில் நடப்பதுதான். அவர் கட்டுகளை வெட்டவெளியில் போட்டுவிட்டுப் போனார் என்று இருவருமே ஒப்புக்கொண்டால் மட்டும், அந்தப் பத்தையும் அவர் எடுத்துக்கொண்ட சரக்காக எழுதலாம். உங்கள் பங்குக்கு 3,000 ரூபாய் வித்தியாசம். அதற்காக நட்பைச் சோதிக்க வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

அடுத்தது, நீங்கள் கேட்காத ஒன்று. ஆனால் சேலை விலையைவிடப் பெரிய தொகை இதில் இருக்கலாம். மேலே போட்ட எல்லாத் தொகையும் ஜிஎஸ்டி சேராத தொகை என்று வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். வரி நம் பணமல்ல, லாபக் கணக்குக்குள் அது வரவே கூடாது. அவர் சொன்ன 6,54,500 கல்லாவில் விழுந்த மொத்தப் பணம் என்றால், அதற்குள் 5 சதவீத வரி இருக்கும். 105-ல் 5 பங்கு, அதாவது ஏறக்குறைய 31,167 ரூபாய். அப்படியானால் உண்மையான விற்பனை 6,23,333 தான், உங்கள் பங்கில் 15,500-க்கு மேல் குறையும். உங்கள் 80,000-க்கும் இதே கேள்விதான். ஆகவே முதலில் இருவரும் பில் புத்தகத்தைத் திறந்து, வரி இல்லாத விலையைத் தனியாகக் கூட்டுங்கள்.

இது உங்களுக்கு எதிரான பக்கம் என்றால், சாதகமான பக்கமும் ஒன்று உண்டு. 900 சேலையை மதுரைக்கு அனுப்பும்போது அவர் பெயரில் வரி பில் போட்டீர்களா? தனித்தனி பதிவு இருப்பதால் போட்டிருக்க வேண்டும். 600 வீதம் போட்டிருந்தால் 5,40,000-க்கு வரி 27,000. இந்த 27,000-ஐ உங்கள் மாதக் கணக்கில் நீங்கள் காட்டியிருப்பீர்கள், அதை உள்ளீட்டு வரியாக அவர் எடுத்திருப்பார். தன் வாடிக்கையாளரிடம் வசூலித்த வரியில் 27,000-ஐக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் அரசுக்குக் கட்டியிருப்பார். அப்படியானால் அந்த 27,000 அவர் கையில் இருக்கிறது, உங்களுக்குச் சேர வேண்டியது. லாபக் கணக்கில் இது தலைகாட்டாது, ஆனால் தீர்வுத் தொகையில் சேரும். 600 விலைப்படி 1,08,250-உடன் 27,000 கூட்டி 1,35,250. அவர் அனுப்பிய 5 லட்சத்தைத் தவிர வரிக்கென்று தனியாக ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இது கிடையாது. வங்கிப் பதிவைப் பார்த்துக்கொள்ளுங்கள். பில் தொகையை 180 நாளுக்குள் அவர் உங்களுக்குத் தராவிட்டால், எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்ப வேண்டிய நிலை அவருக்கு வரும். அதனால் சீக்கிரம் தீர்ப்பது அவருக்கும் நல்லது. பில் போடாமல் வெறும் சீட்டில் அனுப்பியிருந்தால், முதலில் உங்கள் ஆடிட்டரிடம் போய் அதைச் சரிசெய்யுங்கள். வாங்கிய பில் இல்லாத 770 சேலையை அவர் எப்படி விற்றார் என்ற கேள்வி அவருக்கும் வரும், எப்படி அனுப்பினீர்கள் என்ற கேள்வி உங்களுக்கும் வரும்.

இங்கேதான் நான் உறுதியாகச் சொல்ல முடியாத இடமும் இருக்கிறது. பில் போட்ட 5,67,000-இல் 5,00,000 வந்துவிட்டது, மீதி 67,000 பில் பாக்கி. 1,35,250-இல் இது போக மிஞ்சும் 68,250 என்ன தொகை? லாபப் பங்கு என்று எழுதுவதா, விற்ற சரக்கின் விலையை உயர்த்தியதாக வைத்து அதற்கும் வரியோடு பற்றுச் சீட்டுப் போடுவதா? உங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த ஏற்பாடு எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து பதில் மாறும். இரண்டு விதமாகவும் வாதிட இடம் உண்டு. வருமான வரியிலும் இதே சிக்கல்தான். அவரவர் லாபத்தை அவரவர் கணக்கில் காட்டினால் போதுமா, இருவரையும் சேர்த்து ஒரு தனி அமைப்பாகப் பார்ப்பார்களா என்பது ஆவணங்களைப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் பில், வங்கி விவரம் எதையும் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்வது சரியாக இருக்காது. இருவருடைய ஆடிட்டர்களும் ஒரே மாதிரி எழுதுகிறார்களா என்பதை மட்டும் கட்டாயம் பாருங்கள். ஒருவர் செலவு என்று எழுதி மற்றவர் வருமானம் என்று காட்டாவிட்டால், பின்னால் கேள்வி வரும்.

எழுத்தில் எதுவும் இல்லையே என்று பயப்படுகிறீர்கள். 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் ஒரே ஒரு வியாபாரத்துக்காகச் சேர்வதையும் கூட்டாண்மையாக ஏற்கிறது, அதன் 8-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. உங்கள் ஏற்பாடு அந்தச் சட்டத்துக்குள் வருமா என்பதை விவரம் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும், லாபத்தைப் பங்கிட்டால் மட்டுமே கூட்டாளி ஆகிவிட முடியாது. வரும் என்று வைத்துக்கொண்டால், வேறு பேச்சு இல்லாதபோது லாபம் சம பங்கு என்கிறது 13-ஆம் பிரிவு. உங்கள் பேச்சும் அதுதான், அதனால் அதில் சிக்கல் இல்லை. அதே பிரிவு, வேலை செய்ததற்காகக் கூட்டாளிக்குச் சம்பளம் கிடையாது என்றும் சொல்கிறது. "நான் இருபது நாள் மண்டபத்தில் நின்றேனே" என்று நண்பர் விற்பனையில் 2 சதவீதம் கமிஷன் கேட்டால், முன்பே பேசியிருந்தால் ஒழிய அதைக் கணக்கில் ஏற்ற வேண்டியதில்லை. உங்களுக்கும் அதே நியாயம்தான்: இளம்பிள்ளைக்கு நடந்ததற்குக் கூலி கேட்க முடியாது.

உங்கள் பணம் அதிகமாக முடங்கியதற்கு வட்டி கேட்கலாமா? ஒப்புக்கொண்ட முதலுக்கு மேல் ஒரு கூட்டாளி வியாபாரத்துக்காகப் பணம் போட்டால் ஆண்டுக்கு 6 சதவீத வட்டி உண்டு என்று சட்டம் சொல்கிறது. ஆனால் உங்கள் முதல் எவ்வளவு என்றே நீங்கள் பேசவில்லை. அவர் 2 லட்சம் முன்பணம் தந்தார், மீதி 4 லட்சம் நீங்கள் போட்டீர்கள். அது உங்கள் முதலா, அதற்கு மேல் போட்ட கடனா? இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொல்ல முடியும். 4 லட்சத்துக்கு இரண்டு மாத வட்டி 6 சதவீதத்தில் 4,000 ரூபாய். அதுவும் கூட்டுச் செலவாக எழுதினால் உங்களுக்கு நிகரமாக 2,000 தான் கிடைக்கும். இதை நான் விட்டுவிடுவேன்.

பேச்சுவார்த்தை முறிந்தால் நீதிமன்றம் போக முடியுமா என்றும் சிலர் கேட்பார்கள். பதிவு செய்யாத கூட்டு என்றால் கூட்டாளி மேல் வழக்குப் போட 69-ஆம் பிரிவில் தடை உண்டு. ஆனால் முடிந்துபோன கூட்டின் கணக்கைக் கேட்டுப் போடும் வழக்குக்கு அந்தத் தடை பொருந்தாது. ஒரு காரியத்துக்காகச் சேர்ந்த கூட்டு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், அந்தக் காரியம் முடிந்ததும் கலைந்துவிடும். கலைந்த நாளிலிருந்து மூன்று வருடம் காலவரம்பு. இருந்தாலும் ஒரு லட்சத்து சொச்சத்துக்கு நீதிமன்றம் போகச் சொல்ல மாட்டேன். இருவருக்கும் தெரிந்த ஒரு மூத்த ஜவுளி வியாபாரியை நடுவில் உட்கார வைத்து, அந்த 120 சேலையில் ஒன்றிரண்டைக் கையில் கொடுத்து விலை கேட்டால் ஒரு மாலையில் முடியும்.

விலை முடிந்ததும் ஒரு தாளில் கணக்கை முழுவதும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். உருப்படி எண்ணிக்கை, இருவர் விற்பனை, இருவர் செலவு, சரக்கை எடுத்த விலையும் தேதியும், லாபப் பங்கு, வரிப் பாக்கி, கடைசித் தொகை, எல்லாம் அதில் இருக்கட்டும். அவர் செலவான 45,000-க்கு மண்டப ரசீதையும், ஆட்களுக்குக் கொடுத்த சம்பளப் பட்டியலையும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், உங்கள் லாரி ரசீதையும் அவரிடம் காட்டுங்கள். பணத்தை வங்கி வழியாக வாங்குங்கள். 6,54,500-இல் கடனுக்குக் கொடுத்தது இருந்தால், வசூலாகாத தொகையை அவரே ஏற்கிறாரா, வசூலானதும் பங்கா என்று அதே தாளில் ஒரு வரி எழுதுங்கள். கையெழுத்துக்குப் பிறகு சாயம் போனது, கிழிந்தது என்று வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவரும் சேலைக்கும் ஒரு தேதி வையுங்கள். அந்தத் தேதி வரை வருவது இருவர் பொறுப்பு, அதற்கு மேல் வருவது விற்ற கடைக்காரர் பொறுப்பு.